டிரம் ஏற்றுபவருக்கு எத்தனை புள்ளி, பழம் பிரிப்பவருக்கு எத்தனை புள்ளி?

மே மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகளில் ஆள் எடுப்பது தொடங்கிவிடும். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். ஒரு பக்கம் ஆண்கள் கிரேட் தூக்குவார்கள், கூழ் நிரம்பிய டிரம்களை நகர்த்துவார்கள். இன்னொரு பக்கம் கன்வேயர் மேசையின் இரு கரையிலும் பெண்கள் நின்று பழம் பிரிப்பார்கள். இந்த இரண்டு வேலைக்கும் கூலி ஒன்றாக இருப்பது அபூர்வம். ஏன் என்று கேட்டால், "அது கஷ்டமான வேலைங்க, இது உட்கார்ந்த மாதிரி வேலை" என்று பதில் வரும். மேசைப் பக்கம் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைச் சம்பளம் பேசுவதற்கு முன்பே, ஆளைப் பார்க்காமல் வேலையை மட்டும் பார்த்து நிர்ணயிக்கும் முறைகள் இருக்கின்றன. வேலை மதிப்பீடு என்று பெயர். ஓசூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளில் மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகின சமாச்சாரம். மாம்பழக் கூழ், கிரானைட் பாலிஷ், ரோஜாப் பண்ணை மாதிரி இடங்களுக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை. ஆனால் அந்த முறை எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கூழ் ஆலையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முறைகளில் எளிமையானது வரிசைப்படுத்துதல். எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதி, மேலிருந்து கீழாக அடுக்கிவிடுவார்கள். இருபது பேர் உள்ள இடத்துக்கு அது போதும். அடுத்தது வகைப்படுத்துதல்: முதலில் தட்டுகளை எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு வேலையையும் பொருந்தும் தட்டில் போடுவது. அரசின் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்புகளில் திறனற்றவர், ஓரளவு திறனுள்ளவர், திறனுள்ளவர் என்று வருவது இந்த வகைதான். இரண்டிலும் ஒரு குறை உண்டு. ஒரு வேலை ஏன் மற்றதற்கு மேலே இருக்கிறது என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. அதனால்தான் 1920களில் அமெரிக்காவில் புள்ளி முறை வந்தது. வேலையைத் திறன், பொறுப்பு, உழைப்பு, வேலைச்சூழல் என்று காரணிகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே புள்ளி போட்டுக் கூட்டுவது. 1950ல் ஜெனீவாவில் நடந்த ஒரு சர்வதேசக் கூட்டத்தில் இந்த நான்கையொட்டிய பட்டியலே பொது அடிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. இன்றைக்கும் உலகில் அதிகம் புழங்குவது இந்தப் புள்ளி முறையும் அதன் வழி வந்த வகைகளும்தான். இனி பேசப்போவது இதைப் பற்றி மட்டும்.

ஒரு ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு வேலைகள்: பாய்லர் ஆபரேட்டர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், லோடு ஆள், பழம் பிரிப்பவர். மொத்தம் 500 புள்ளி. அதில் திறனுக்கு 200, பொறுப்புக்கு 150, உழைப்புக்கு 75, சூழலுக்கு 75. ஒவ்வொரு காரணிக்கும் ஒதுக்கும் இந்தப் பங்குதான் அதன் எடை. ஒவ்வொரு காரணிக்கும் ஐந்து படி. திறனில் ஒரு படி ஏறினால் 40 புள்ளி, பொறுப்பில் 30, மற்ற இரண்டிலும் 15. இனி ஒவ்வொரு படிக்கும் என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும். உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலான இடங்களில் அவசரமாகக் கடந்துவிடுவதும் அதைத்தான்.

நம் ஆலையின் குழு வழக்கமாக எழுதுகிற மாதிரியே எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறன் என்றால் படிப்பு, சான்றிதழ், லைசென்ஸ். பொறுப்பு என்றால் இயந்திரம், பணம், கீழே வேலை செய்யும் ஆட்கள். உழைப்பு என்றால் தூக்கும் எடை. சூழல் என்றால் வெப்பம், இரைச்சல், விபத்து அபாயம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதன்படி புள்ளி போட்டால் கிடைப்பது இது:

| வேலை | திறன் | பொறுப்பு | உழைப்பு | சூழல் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| பாய்லர் ஆபரேட்டர் | 160 | 120 | 30 | 60 | 370 |
| ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் | 120 | 90 | 15 | 30 | 255 |
| லோடு ஆள் | 40 | 30 | 75 | 45 | 190 |
| பழம் பிரிப்பவர் | 40 | 30 | 30 | 30 | 130 |

பாய்லர் ஆபரேட்டர் மேலே இருப்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சட்டப்படி சான்றிதழ் வேண்டும். அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். கவனிக்க வேண்டியது கீழே இருக்கும் இரண்டு வரிகளை. இருவருக்கும் திறனிலும் பொறுப்பிலும் ஒரே புள்ளி. வித்தியாசம் முழுக்க உழைப்பிலும் சூழலிலும்தான், 60 புள்ளி. இந்தப் பட்டியலைப் பார்த்து முதலாளி தலையாட்டுவார், "நான் சொன்னேன்ல" என்பார். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த கூலியின் வரிசையும் இதேதான். மதிப்பீட்டின் முடிவு பழைய கூலி வரிசையை அச்சு மாறாமல் திருப்பிக் கொடுத்தால், சந்தேகப்பட அதுவே முதல் அறிகுறி. குழு வேலையை அளக்காமல் கூலியை அளந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, மேசைப் பக்கம் போய்ப் பார்ப்போம். வேலை விவரம் எழுதுவதற்கு மேஸ்திரியிடம் கேட்டால், "பழம் பொறுக்குறது" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். பெண்களிடம் கேட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. "சும்மா நின்னு பழம் பொறுக்கறதுதாங்க, என்னா இருக்குது அதுல" என்பார்கள். தாங்கள் செய்வதைக் குறைத்துச் சொல்வது பழக்கம். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "அக்கா, எந்தப் பழத்தைத் தள்ளுவீங்க?" என்றால் வேறு பதில் வரும். காம்படியில் கறுத்திருந்தால் உள்ளே ஓடியிருக்கும், தள்ள வேண்டும். மேலே நன்றாக இருந்து தொட்டால் குழைந்தால் நொதித்திருக்கும். பாதி பச்சையாக இருந்தால் திரும்பப் பழுக்கப் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் கத்தியால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை விடலாம். இத்தனையும் கன்வேயர் நகர்ந்துகொண்டிருக்கும்போதே, ஒரு பழத்துக்கு ஒன்றிரண்டு நொடியில். "தள்ளாம விட்டுட்டா?" என்று அடுத்துக் கேட்டால், "சூப்பர்வைசர் வந்து கத்துவாருங்க, அந்த டேங்கு பூரா வாசனை மாறிப்போவும்" என்பார்கள்.

அந்தக் கடைசி வரியில் பொறுப்பு என்ற காரணியே அடங்கியிருக்கிறது. கெட்ட பழம் உள்ளே போனால், பின்னால் கூழைச் சூடாக்கும்போது கிருமி சாகும். ஏறிய கெட்ட வாடை போகாது. ஆய்வகத்தில் பூஞ்சை எண்ணிக்கை கூடிவிட்டால் ஏற்றுமதிக்குப் போக வேண்டிய சரக்கு உள்ளூர் விலைக்கு இறங்கிவிடும். முதல் பட்டியலில் பொறுப்பு என்றால் இயந்திரமும் பணமும் ஆட்களும் மட்டுமே என்று எழுதியிருந்ததால் இது கணக்கில் வரவில்லை. பொருளின் தரத்துக்கான பொறுப்பைச் சேர்த்தால்தான் வரும். அப்படிச் சேர்க்கும்போது லோடு ஆளுக்கும் அது சேரும். கிருமி நீக்கிய கூழ் நிரப்பிய பை உள்ளே இருக்கும் டிரம், 200 கிலோவுக்கு மேல். தவறாக இறக்கி உள்ளிருக்கும் பை கிழிந்தால் அந்த டிரம் போச்சு. ஒரு பக்கத்துக்கு மட்டும் கண்ணைத் திறந்து பார்ப்பது இன்னொரு விதமான ஓரவஞ்சனை ஆகிவிடும்.

குழு மறுபடி உட்கார்ந்து படிகளை எழுதுகிறது. பொறுப்பில் முதல் படி, தவறு நடந்த உடனே தெரியும், நஷ்டம் சொற்பம். இரண்டாவது படி, நஷ்டம் ஒரு பகுதிச் சரக்கோடு நிற்கும், பின்னால் ஒரு சோதனையில் பிடிபட வாய்ப்பு உண்டு. மூன்றாவது, இயந்திரம் சேதமாகலாம், ஆளுக்கு அடிபடலாம். நான்காவது, உயிருக்கும் ஆலைக்கும் ஆபத்து. இப்போது பழம் பிரிப்பவரும் லோடு ஆளும் இரண்டாம் படிக்கு வருகிறார்கள். மேசைக்குப் பின்னால் ஆய்வகம் இருக்கிறது என்பதால் பழம் பிரிப்பவரை மூன்றாம் படிக்கு ஏற்றவில்லை. அது சரிதான், ஏற்றியிருந்தால் அது இரக்கம், மதிப்பீடு அல்ல.

திறனையும் மாற்றி எழுதுகிறார்கள். சான்றிதழோடு, மேற்பார்வை இல்லாமல் முழு வேகத்தில் வேலை செய்ய ஒரு புதிய ஆளுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் சேர்க்கிறார்கள். பழம் பிரிக்கக் கண் பழக வேண்டும். புதிதாக வந்தவரை முதல் நாளே தனியாக நிறுத்த முடியாது. அதனால் இரண்டாம் படி. உழைப்பில் தூக்கும் எடையோடு நாள் முழுக்க நிற்பது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, கண்ணை எடுக்காமல் பார்ப்பது எல்லாம் சேர்கின்றன. பழம் பிரிப்பவர் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறுகிறார். கண்ணை எடுக்காமல் பார்ப்பது என்று வந்துவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரும் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகிறார், கழுத்தைத் திருப்பியபடியே பின்னால் எடுப்பவர் அவர். சூழலில் ஈரத் தரை, விரலிடுக்கில் புண்ணாக்கும் புளிப்புச் சாறு, காம்பிலிருந்து வடியும் பால் ஆகியவை சேர்கின்றன. மாம்பால் பட்ட தோல் எரிந்து கறுக்கும் என்பது மாந்தோப்பு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம், ஆலையின் தாளில் மட்டும் ஏறாமல் இருந்தது. பழம் பிரிப்பவர் சூழலிலும் மூன்றாம் படி.

இரண்டாம் சுற்றில் பாய்லர் ஆபரேட்டர் 370லேயே இருக்கிறார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் 270. லோடு ஆள் 40, 60, 75, 45 என்று 220. பழம் பிரிப்பவர் 80, 60, 45, 45 என்று 230.

60 புள்ளி பின்னால் இருந்தவர் 10 புள்ளி முன்னால் வந்துவிட்டார். யாரும் ஏமாற்றவில்லை, காரணிகளின் எடையையும் மாற்றவில்லை, 500 அதே 500தான். காரணிகளின் வரையறை மட்டும் மாறியது. புள்ளி முறையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். தீர்ப்பு எழுதப்படுவது புள்ளி போடும் மேசையில் அல்ல, படிகளை வரையறுக்கும் மேசையில். அந்த மேசையில் பழம் பிரிக்கும் பெண் ஒருவராவது உட்கார்ந்திருந்தாரா என்று கேளுங்கள். முடிவு பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 230க்கும் 220க்கும் உள்ள 10 புள்ளி வித்தியாசத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. வேறு ஐந்து பேர் புள்ளி போட்டிருந்தால் அந்த 230, 210ஆகவோ 240ஆகவோ வந்திருக்கும். அதனால்தான் புள்ளியை நேராகப் பணமாக்காமல், 201 முதல் 250 வரை ஒரு கிரேடு, 251 முதல் 300 வரை அடுத்தது என்று பட்டைகளாகப் பிரிப்பார்கள். நம் ஆலையில் லோடு ஆளும் பழம் பிரிப்பவரும் ஒரே கிரேடு. ஆனால் யாராவது எல்லையை 225ல் வைத்துவிட்டால் இருவரும் பிரிந்துவிடுவார்கள், அர்த்தமில்லாத 10 புள்ளி திடீரென்று பணமாகிவிடும். எல்லை போடுவதற்கு முன் வேலைகளின் புள்ளிகளை ஒரு கோட்டில் குறித்துப் பார்த்து, இயல்பாக இடைவெளி விழும் இடத்தில் வெட்டுவது நல்லது. இங்கே 230க்கும் 270க்கும் நடுவில் அப்படி ஒரு இடைவெளி இருக்கிறது.

எடைகளின் கதையும் இதேபோலத்தான். உழைப்புக்கு 75க்குப் பதில் 150 கொடுத்து, அந்த 75ஐத் திறனிலிருந்து எடுத்தால், அதே படிகளை வைத்தே லோடு ஆள் 280க்கும் பழம் பிரிப்பவர் 245க்கும் வந்துவிடுகிறார்கள். எந்த எடை சரி? அறிவியல்பூர்வமான பதில் கிடையாது. நிர்வாகமும் தொழிலாளர்களும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. ஒரே ஒரு ஒழுங்கு மட்டும் கறாராக வேண்டும்: புள்ளிகளைப் பார்ப்பதற்கு முன்பே எடையை முடிவு செய்து கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மொத்தத்தைப் பார்த்துவிட்டு எடையில் கை வைத்தால், பிடித்தவருக்கு மேலே போகவும் பிடிக்காதவருக்குக் கீழே போகவும் ஒரு வழி எப்போதும் கிடைக்கும்.

புள்ளி போடும்போதும் ஒரு சின்ன நுணுக்கம் உதவும். ஒரு வேலையை எடுத்து நான்கு காரணிக்கும் போட்டு முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. அப்படிச் செய்தால், "பாய்லர் பெரிய வேலை" என்ற எண்ணம் நான்கு கட்டங்களிலும் ஒட்டிக்கொள்ளும். திறனை மட்டும் எடுத்து எல்லா வேலைகளுக்கும் போட்டுவிட்டு, மறுநாள் பொறுப்பை எடுக்கலாம். வேலையின் பெயரை மறைத்து விவரத்தை மட்டும் கொடுத்துப் புள்ளி போடச் சொல்வது இன்னும் நல்லது. பெயர் தெரிந்தபோது போட்ட புள்ளிக்கும் தெரியாதபோது போட்ட புள்ளிக்கும் வித்தியாசம் வந்தால் சாய்வு எங்கே என்று தெரிந்துவிடும்.

அப்புறம்தான் பணம். இதுவரை வந்தவர்கள் பலர் சறுக்குவது இந்த இடத்தில். புள்ளியைக் கூலியாக மாற்ற, வெளிச்சந்தையில் விலை தெளிவாகத் தெரிந்த சில வேலைகளை எடுத்து, புள்ளிக்கும் கூலிக்கும் ஒரு கோடு வரைவார்கள். மற்ற வேலைகளின் கூலியை அந்தக் கோட்டிலிருந்து படித்துக்கொள்வார்கள். கணக்குக்காக நாள் கூலி இப்படி என்று வைத்துக்கொள்வோம்: பாய்லர் ஆபரேட்டருக்கு 930 ரூபாய், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு 730, லோடு ஆளுக்கு 630, பழம் பிரிப்பவருக்கு 450. முதல் மூன்று வேலைகளையும் வைத்துக் கோடு போட்டால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. ஒரு புள்ளிக்கு 2 ரூபாய், அதோடு அடிப்படையாக 190 ரூபாய். அந்தக் கோட்டில் 230 புள்ளிக்குக் கூலி 650. பழம் பிரிப்பவர் இப்போது வாங்குவது அதைவிட 200 ரூபாய் குறைவு.

நிர்வாகம் இந்த 200ஐப் பார்த்துப் பதறும். உடனே ஒரு நல்ல யோசனை வரும்: "எல்லா வேலையையும் சேர்த்துத்தானே கோடு போடணும், மூணை மட்டும் எடுத்தா எப்படி?" கேட்க நியாயமாகவே இருக்கும். நான்கையும் சேர்த்து வழக்கமான புள்ளியியல் முறையில் கோடு போட்டால், பழம் பிரிப்பவரின் 450 கோட்டின் அடிப்பகுதியைத் தன் பக்கம் இழுத்துவிடும். இப்போது 230 புள்ளிக்குக் கூலி 574 ரூபாய்தான். 220 புள்ளி உள்ள லோடு ஆளின் கூலி 548 என்று வருகிறது, அவர் இன்று வாங்கும் 630ஐவிடக் கீழே! பழைய குறைந்த கூலியே புதிய அளவுகோலுக்குள் நுழைந்து, தன்னையே நியாயப்படுத்திக்கொள்கிறது. பெண்கள் மட்டுமே செய்யும் வேலைகளுக்குச் சந்தை விலையே குறைவாக இருக்கும்போது சந்தையை வைத்துக் கோடு போட்டால் இப்படித்தான் ஆகும். அதனால் எந்தெந்த வேலைகளை வைத்துக் கோடு வரைந்தீர்கள் என்பது, மதிப்பீட்டு அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று. பெரும்பாலும் அது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.

கோட்டுக்கு மேலே வாங்குபவர்களை என்ன செய்வது? அவர்களின் பெயரைச் சிவப்பு வட்டம் போட்டு வைத்து, இருக்கும் கூலியைக் குறைக்காமல், மற்றவர்கள் எட்டிப் பிடிக்கும்வரை உயர்வை நிறுத்தி வைப்பது வழக்கம். இதில் நம் சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1976ன் சம ஊதியச் சட்டமும், 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும், சமமாக்குவதற்காக யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்கின்றன.

ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு கூலி தரக் கூடாது என்பதே அது சொல்வது. ஒத்த தன்மை என்றால் என்ன என்பதற்குச் சட்டமே தரும் அளவுகோல் திறன், உழைப்பு, பொறுப்பு, வேலைச்சூழல். புதிய தொகுப்பில் அனுபவமும் சேர்ந்திருக்கிறது. அதாவது மேலே பார்த்த அதே காரணிகள். 1987ல் ஒரு கப்பல் நிறுவனத்தின் பெண் சுருக்கெழுத்தர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், அற்பமான வித்தியாசங்களைக் காட்டி இரண்டு வேலைகளும் வேறு என்று சொல்ல முடியாது, பரந்த பார்வையில் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே சுருக்கெழுத்து வேலையைத்தான் செய்தார்கள். டிரம் ஏற்றுவதும் பழம் பிரிப்பதும் எந்தப் பார்வையில் பார்த்தாலும் ஒரே வேலை ஆகாது. வேறு வேலை, ஆனால் சம மதிப்பு என்ற வாதத்தைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை ஏற்கிறது. இந்தியா 1958லேயே அதை ஏற்று உறுதி செய்திருக்கிறது. பிரிட்டனில் ஒரு கப்பல் கட்டும் தளத்தின் சமையல்காரப் பெண், தன் வேலை அங்குள்ள பெயின்டர், தச்சர் ஆகியோரின் வேலைக்குச் சம மதிப்புள்ளது என்று வழக்காடி, 1988ல் மேல்முறையீட்டின் கடைசிப் படியில் வென்றார். நம் சட்டத்தின் வாசகம் அவ்வளவு தூரம் நீளவில்லை. ஆகவே நம் கூழ் ஆலையில் 450ஐ 650 ஆக்குவது இப்போதைக்குச் சங்கமோ நிர்வாகமோ பேசி முடிக்க வேண்டிய விஷயம். அந்தப் பேச்சில் கையில் வைத்துக்கொள்ள ஒரு தாள், அவ்வளவுதான் மதிப்பீடு.

வேலைச்சூழலுக்குப் புள்ளி தருவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஈரத் தரைக்கும் சாற்றில் புண்ணாகும் விரலுக்கும் 45 புள்ளி என்று எழுதியாகிவிட்டது. நாளைக்கு ஆலை நல்ல கையுறை கொடுத்து, தரையில் மரப்பலகைத் தட்டி போட்டுவிட்டால் படி குறைய வேண்டும், கூலியும் குறைய வேண்டும். அப்போது தொழிலாளியே கையுறையை வேண்டாம் என்பார், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. இதனால் சில இடங்களில் சூழலை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, குறை தீரும்வரை மட்டும் தரும் தனி அலவன்ஸாக வைக்கிறார்கள். சரி செய்யக்கூடிய குறைக்குத் தனி அலவன்ஸ், வேலையோடு ஒட்டிப் பிறந்த கஷ்டத்துக்குப் புள்ளி என்று பிரிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பாய்லர் பக்கத்து வெப்பத்தை யாரும் முழுசாக எடுத்துவிட முடியாது. வழுக்கும் தரையை எடுத்துவிடலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று கிருஷ்ணகிரி மாதிரி இடங்களில் இருக்கிறது. சீசன் மூன்று நான்கு மாதம்தான். மேசைப் பக்கம் நிற்பவர்களில் பலர் ஆலையின் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள், ஒப்பந்ததாரர் வேனில் கூட்டி வந்து விடுவார். மதிப்பீடு செய்வது ஆலை, அதன் பட்டியலில் வருவது நிரந்தர வேலைகள். பாய்லர் ஆபரேட்டருக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கும் ஆய்வகப் பையனுக்கும் அழகாகக் கிரேடு போட்டிருப்பார்கள். யாருடைய வேலையை எடை போட்டால் கணக்கு புரண்டுவிடுமோ அந்த வேலை பட்டியலிலேயே இருக்காது. ஒப்பந்ததாரருக்கு ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிட்டால், அதில் பெண்ணுக்கு எவ்வளவு, ஆணுக்கு எவ்வளவு என்பது அவர் பாடு. மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லி ஆலையைக் கேட்கும்போது, "அவங்க எங்க ஆளுங்க இல்லை" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். மதிப்பிடப்படுவது வேலைதான், சம்பளச் சீட்டை யார் கொடுக்கிறார் என்பது அதில் ஒரு காரணியே இல்லை என்று திருப்பிச் சொல்லலாம். ஒப்பந்தத்திலேயே மேசை வேலைக்கு இந்தக் கிரேடு, இந்தக் கூலிக்குக் குறையக் கூடாது என்று எழுதி வைப்பதைத் தடுக்க எதுவும் இல்லை.

ஒருமுறை செய்து முடித்ததும் தாளை அலமாரியில் பூட்டிவிடவும் முடியாது. கன்வேயரின் வேகத்தைக் கூட்டினால் உழைப்பின் படி மாறும். கேமரா வைத்துப் பழம் பிரிக்கும் இயந்திரம் வந்தால் கெட்ட பழத்தின் முதல் வடிகட்டலை அது செய்துவிடும். மேசையில் மிஞ்சுவது அதற்குப் பிடிபடாத சந்தேகப் பழங்கள் மட்டும். அப்போது ஆள் குறைவார்கள், ஆனால் மிஞ்சியவரின் திறனும் பொறுப்பும் ஒரு படி ஏறும். நிர்வாகம் முதல் பாதியை உடனே கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் பாதிக்கு யாராவது மறுமதிப்பீடு கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் மதிப்பீட்டுத் திட்டத்தில் யார், எப்போது, யாரிடம் அப்படிக் கேட்கலாம் என்ற ஒரு பத்தி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.